விமர்சன வீடியோக்களில் பிறர் காட்சிகளை எடுத்தாள்வது: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

தமிழில் திரைப்பட விமர்சனமும் ரியாக்‌ஷன் வீடியோவும் செய்பவர்களின் சங்கமாகிய நாங்கள், இந்த அறிக்கையை எங்கள் உறுப்பினர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும் சேர்த்தே வெளியிடுகிறோம். விமர்சிப்பதற்காக ஒரு படத்தின் துண்டைக் காட்டுவது சட்டம் தந்திருக்கும் உரிமை. அதை நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால், துண்டு சின்னது என்ற ஒரே காரணத்தால் அந்த உரிமை கிடைத்துவிடுவதில்லை. காட்டும் துண்டைப் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் காட்ட வேண்டும்.

இதைச் சொல்லக் காரணம், எங்களுக்குள் பல ஆண்டுகளாக உலவும் ஒரு கணக்கு. ஏழு நொடி வரை போடலாம் என்கிறார்கள் சிலர், பத்து என்கிறார்கள் சிலர், முப்பது என்போரும் உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு வரம்பே இல்லை. வீடியோவுக்குக் கீழே ‘உரிமை அனைத்தும் படக்குழுவுக்கே’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கையும் பொய். அந்த வரி, நீங்கள் காட்டியது உங்களுடையது இல்லை என்பதைத்தான் ஒப்புக்கொள்கிறது. அனுமதி எதையும் வாங்கித் தருவதில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52(1)(அ) பிரிவில், நியாயமான எடுத்தாள்கைக்கு இடம் தருகிறது. 2012இல் திருத்தம் வரும்வரை அந்தப் பிரிவு இலக்கியம், நாடகம், இசை, கலைப் படைப்புகளோடு நின்றது. திருத்தத்துக்குப் பிறகுதான் திரைப்படமும் ஒலிப்பதிவும் அதற்குள் வந்தன. எந்த நோக்கத்துக்காக எடுத்தாளலாம் என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்பீடு, நடப்புச் செய்தியைத் தெரிவிப்பது. ‘ரியாக்‌ஷன்’ என்று தனியாக ஒரு நோக்கம் அந்தப் பட்டியலில் இல்லை. படத்தைப் பார்த்து ஒருவர் சிரிப்பதும் அழுவதும் மட்டும் விமர்சனம் ஆகிவிடாது. ஏன் சிரித்தார், எது அழ வைத்தது என்று பேசத் தொடங்கும்போதுதான் அவர் சட்டம் காட்டும் இடத்துக்குள் வருகிறார்.

நியாயம் எது என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. அதை நீதிமன்றங்கள்தான் வழக்கு வழக்காக வகுத்திருக்கின்றன. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்குச் சிவிக் சந்திரன் எழுதிய எதிர் நாடகம் பற்றிய வழக்கில், 1996இல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று விஷயங்களைப் பார்த்தது. சொல்ல வந்த விமர்சனத்தோடு ஒப்பிட்டால் எடுத்துக்கொண்டது எவ்வளவு, அதன் மதிப்பு என்ன? எந்த நோக்கத்துக்காக எடுத்தார்? மூலப் படைப்போடு அது போட்டி போடுமா? மூலத்திலிருந்து கணிசமாகவே எடுத்திருந்தும், அது விமர்சனத்துக்காக என்பதால் நீதிமன்றம் எதிர் நாடகத்தின் பக்கம் நின்றது.

நொடிக் கணக்கு எவ்வளவு பயனற்றது என்பதை அமெரிக்காவின் இரண்டு வழக்குகள் இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. அங்குள்ள சட்டம் வேறு. அந்தத் தீர்ப்புகள் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அவை நம் தொழிலுக்கு மிக நெருக்கமான வழக்குகள்.

முதலாவதில், வீடியோ பைப்லைன் என்ற நிறுவனம் டிஸ்னி படங்களிலிருந்து சுமார் இரண்டு நிமிடக் காட்சிகளை வெட்டி, இணையத்தில் படங்களை விற்கும் கடைகளுக்கு முன்னோட்டமாகக் கொடுத்தது. முழு நீளப் படத்தில் இரண்டு நிமிடம் என்பது எம்மாத்திரம்? ஆனாலும் 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடு ஆகாது என்றது. வெட்டிய காட்சிகளோடு ஒரு சொல் விமர்சனம்கூட இல்லை. டிஸ்னியே வெளியிடும் முன்னோட்டங்களின் இடத்தை அவை பிடித்துக்கொள்ளவும் செய்தன.

இரண்டாவது வழக்கில், யூடியூபர்களான ஈத்தன் க்ளைனும் ஹிலா க்ளைனும் 5 நிமிடம் 24 நொடி ஓடும் ஒரு யூடியூப் குறும்படத்திலிருந்து 3 நிமிடம் 15 நொடியை எடுத்துக்கொண்டார்கள். பாதிக்கும் மேலே. 2017இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நியாயமான பயன்பாடு என்றது. அவர்களுடைய வீடியோ கிட்டத்தட்ட 14 நிமிடம். குறும்படத்தைக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துகிறார்கள், வசனத்தையும் நடிப்பையும் கிழிக்கிறார்கள், மீண்டும் ஓடவிடுகிறார்கள். குறும்படத்தைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவருக்கு இந்த வீடியோ அதற்கு ஈடாகாது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி ஒன்றைச் சொல்லிவைத்தார்: எல்லா ரியாக்‌ஷன் வீடியோக்களுக்கும் இது பொருந்தாது, சில வீடியோக்கள், கருத்து எதுவும் இல்லாமல் கூட்டமாக உட்கார்ந்து படம் பார்ப்பது போலவே இருக்கின்றன. எங்கள் உறுப்பினர்கள் இந்த வரியை மறக்கக் கூடாது.

எடிட்டிங் மேசையில் இது எப்படி இருக்கும் என்று பார்ப்போம். பத்து நிமிட விமர்சனம். ‘இடைவேளைச் சண்டையில் கட் அதிகம், யார் யாரை அடிக்கிறார் என்றே புரியவில்லை’ என்பது வாதம். இதைச் சொல்லிவிட்டு அந்தச் சண்டையில் ஆறு நொடியை ஓடவிடுகிறோம். நிறுத்துகிறோம். அந்த ஆறு நொடிக்குள் எத்தனை கட் என்று எண்ணிக் காட்டுகிறோம். இந்தத் துண்டை எடுத்துவிட்டால் நம் வாதமே நிற்காது. ஆகவே அது தேவை. அதே சண்டையை ஐம்பது நொடி ஓடவிட்டு, நடுவில் ‘செம’ என்று ஒரு சொல் மட்டும் சொன்னால், பார்ப்பவர் நம்மிடம் வந்தது சண்டையைப் பார்க்கத்தான்.

நம்மில் அதிகம் நடக்கும் தவறு வேறொன்று. விமர்சகர் கதைச் சுருக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, பின்னால் டிரெய்லர் காட்சிகள் ஒலியில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் காட்சிகளைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை. திரை வெறுமையாக இருக்கக் கூடாது என்பதற்காகப் போட்டவை அவை. டிரெய்லரை இலவசமாகப் பார்க்க விட்டிருக்கிறார்கள் என்பதால் எடுத்துப் போடவும் விட்டிருக்கிறார்கள் என்று ஆகாது. கடைசித் திருப்பத்தை எட்டே நொடியில் காட்டிவிடுவதும் அப்படித்தான்: நீளத்தில் சின்னது, படத்துக்குச் செய்யும் சேதத்தில் பெரியது. துண்டில் பாட்டு ஒலித்தால் படத்தின் உரிமை, ஒலிப்பதிவின் உரிமை, இசையின் உரிமை என்று தனித்தனியே எழும். பாட்டைப் பற்றிப் பேசாதபோது ஒலியை நீக்கிவிடுவதே சரி.

தியேட்டரில் போனில் எடுத்த காட்சிகளை எங்கள் உறுப்பினர் எவரும் பயன்படுத்தக் கூடாது. 2023இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டப்படி தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவுசெய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. விமர்சனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அப்படி எடுத்த காட்சிக்காக நாங்கள் வாதாட வர மாட்டோம்.

தயாரிப்பாளர்களுக்கும் ஆடியோ நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்பிரைட் ஸ்ட்ரைக் விழுந்தால் சேனலே போய்விடும். ஒருவர் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த எல்லா வீடியோவும் அதோடு போகும். படத்தைக் குறை சொன்னார் என்பதற்காக ஸ்ட்ரைக் போடுவதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். புகார் அனுப்புமுன் அந்த வீடியோவை ஒரு மனிதர் முழுக்கப் பார்க்க வேண்டும்; காட்சிக்கும் பேச்சுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழந்தை ஆடும் 29 நொடி வீடியோவை நீக்கச் சொன்ன யுனிவர்சல் மியூசிக் மீதான வழக்கில், புகார் அனுப்புமுன் நியாயமான பயன்பாடா என்று எண்ணிப் பார்ப்பது உரிமையாளரின் கடமை என்று 2015இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

உறுப்பினர்களுக்கு ஸ்ட்ரைக் வந்தால், எதிர் அறிவிப்பு அனுப்புமுன் வீடியோவின் டைம்லைனோடு எங்களிடம் வரட்டும். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே, அதைப் பற்றி எந்த இடத்தில் என்ன பேசியிருக்கிறார் என்று எழுதித் தர வேண்டும். எழுத முடிந்த துண்டுகளுக்காக எங்கள் வழக்கறிஞர்கள் துணை நிற்பார்கள். எழுத முடியாதவற்றை வெட்டிவிட்டு மறுபடி பதிவேற்றச் சொல்வோம்.