பால் பொங்கிற்றா?

தை மாதம் முதல் தேதியன்று நம்மவர் ஒருவரையொருவர் கண்டதும் முதலில் கேட்பது, "பால் பொங்கிற்றா?" என்பதுதான். "பொங்கிற்று" என்று பதில் வந்தால் இரு சாராருக்கும் முகம் மலர்கிறது. இதே கேள்வியை வேற்று மொழியில் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டால், பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோன வீட்டாரிடம் துக்கம் விசாரிப்பது போலாகிவிடும்!

மலேசியாவில் வசிக்கும் நேயர் ஒருவர் இந்தச் சங்கடத்தை நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய அண்டை வீட்டார் மலாய்க் குடும்பத்தினர். நோன்புப் பெருநாளன்று அவர்களிடமிருந்து பலகாரமும் வாழ்த்தும் தவறாமல் வருகின்றன. பொங்கலன்று தாமும் மலாய் மொழியில் வாழ்த்து எழுதி, பண்டிகையின் தாத்பரியத்தையும் நாலு வரியில் சொல்ல வேண்டுமென்று அவர் விரும்புகிறார். "பால் பொங்குவது போல் தங்கள் இல்லத்தில் வளம் பொங்குக!" என்பது அவர் எழுதிய தமிழ் வாசகம்.

இதில் சிக்கலெல்லாம் 'பொங்குக' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. பால் பொங்குவதற்கு மலாயில் 'மெலுவாப்' என்று ஒரு சொல் உண்டு. அகராதியைப் பார்த்து எழுதுகிறவர் அதைத்தான் எடுப்பார். ஆனால் அந்த மொழியில் கோபம் பொங்குவதற்கும் அதே சொல்லைத்தான் வழங்குகிறார்கள். பாலுக்கு அது பொருந்தலாம், வாழ்த்துக்கு ஆகாது. 'மெலிம்பா' என்று இன்னொரு சொல் இருக்கிறது. பாத்திரம் நிரம்பி வழிவதையும் அது குறிக்கும். செல்வம் பெருகுவதையும் குறிக்கும். நமக்கு வேண்டியது அதுவே. 'வளம்' என்பதற்கு, இறைவன் அளக்கும் படி என்ற பொருளில் மலாய்க்காரர் நாள்தோறும் சொல்லும் 'ரெஸெக்கி' இருக்கிறது. ஆகவே வாழ்த்து இப்படி அமையும்:

"செலாமாட் ஹாரி பொங்கல். செப்பெர்த்தி சூசூ மெலிம்பா டாரி பெரியுக், செமோகா ரெஸெக்கி துவான் செகெலுவார்கா மெலிம்பா."

'பொங்கல் நாள் நலமாகுக. பானையிலிருந்து பால் வழிவது போல், குடும்பத்தோடு தங்களுக்கு வளம் வழிந்து பெருகுக' என்பது இதன் பொருள். வீட்டுத் தலைவிக்கு எழுதினால் 'துவான்' என்பதைப் 'புவான்' என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி விளக்கக் குறிப்பு. அதில் எழுத வேண்டியது இவ்வளவே: 'நெல் அறுவடையான பின், ஜனவரி 14 அல்லது 15-ஆம் தேதியில் இந்த விழா வருகிறது. புதுப்பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி, அதில் பாலை ஊற்றிக் காய்ச்சுகிறோம். பால் விளிம்பைத் தாண்டி வழியும்போது வீட்டார் எல்லோரும் கூவி மகிழ்கிறோம். பிறகு புது அரிசியும் பருப்பும் வெல்லமும் சேர்த்துச் சமைக்கிறோம். எங்கள் வீட்டில் இது தவறி வழிந்த பால் அன்று. வழிய வேண்டுமென்றே காத்திருந்த பால்.' கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடலாகாது. அதுவன்றி வாழ்த்து விளங்காது.

இக்குறிப்பை மொழிபெயர்ப்பதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. ஆங்கிலத்தில் நெல்லுக்கும் அரிசிக்கும் சோற்றுக்கும் பொதுவாக ஒரே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். மலாயிலோ நம்மைப் போலவே மூன்று பெயர்கள்: நெல் 'பாடி', அரிசி 'பெராஸ்', சோறு 'நாசி'. பானையில் இடுவது 'பெராஸ்'. 'நாசி' என்று எழுதினால் பழைய சோற்றைப் பாலில் போட்டதாகிவிடும். அறுவடை விழா என்பதும் அந்நாட்டாருக்குப் புதிதன்று. அங்கே சபா மாநிலத்தில் கடஸான் டூஸூன் மக்கள் மே மாத முடிவில் நெல் அறுவடைக்காகக் 'காமாத்தான்' விழா எடுக்கிறார்கள்.

மற்றொரு விஷயம். பொங்கல் சமய விழாவா, அன்றா என்ற வாதம் 2020 ஜனவரியில் மலேசியாவில் பள்ளிக்கூடங்களைப் பற்றி எழுந்தது. ஆகையால் குறிப்பில் எதையும் மறைப்பது நன்றன்று. 'இது விளைச்சலுக்காக நன்றி கூறும் நாள். எங்கள் வீட்டில் சூரியனுக்குப் படைக்கிறோம்' என்று உள்ளபடி எழுதிவிடலாம். படைத்த உணவை ஏற்கத் தயங்குவோர் உண்டு. அவர்களுக்குப் படைக்காமல் தனியே எடுத்து வைத்ததையோ, கரும்பையும் பழத்தையுமோ அனுப்பி, அதையும் ஒரு வரியில் தெரிவித்தால், அண்டை வீட்டார் மறுக்கவும் வேண்டாம், மனத்தில் சந்தேகத்தோடு உண்ணவும் வேண்டாம்.

வாழ்த்துச் சீட்டு விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடுவது உத்தமம். அதைப் படித்தவர்கள், சுவருக்கு அப்பாலிருந்து திடீரென்று கூச்சல் கேட்டால், விபத்து என்று ஓடி வர மாட்டார்கள். பால் பொங்கிற்று என்று அறிந்துகொள்வார்கள்.