யன்னலைத் திறக்காமல் ரிங் லைட்டுக்குக் காசு சேர்க்கும் தம்பிமாருக்கு



மருதமுனையில் கைத்தறி நெய்த மூத்தவர்களின் கதைகளைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று நம் பகுதி இளைஞர்கள் சிலர் ஒரு பட்டியல் போட்டார்கள். நல்ல வேலை. நானும் பெயர்கள் சொன்னேன். ஆனால் வேலை தொடங்கவில்லை. ஏன் என்று கேட்டால், "சேர், லைட் செட் ஒன்று வாங்கக் காசு சேருது" என்கிறார்கள். நோன்புக்கு முன்னர் கேட்டபோதும் இதே பதில்தான். பட்டியலில் இருந்த இருவர் இப்போது மையவாடியில் இருக்கிறார்கள். அவர்கள் நெய்த சாரனும் சேலையும் யாராவது வீட்டு அலுமாரியில் இருக்கும். குழித்தறியில் காலை வைத்து எப்படி மிதித்தார்கள், நூலுக்குக் கஞ்சி எப்படிப் போட்டார்கள் என்று அவர்கள் வாயால் சொன்னதைக் கேட்க இனி வழியில்லை.

கோபத்தில்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காசில்லாமல் கைப்பேசியில் எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் பெரியவரை யன்னலுக்கு முன்னால், யன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் வரும்படி உட்கார வைத்து எடுத்திருக்கிறார்கள். வெளியே தென்னை மரம் பளிச்சென்று தெரிகிறது, பேசுபவர் கரிக்கட்டையாகத் தெரிகிறார். கமெராவில் பிழையில்லை. அது படத்தின் மிக வெளிச்சமான இடத்துக்கு ஏற்பத் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது, முகம் இருட்டில் போய்விடுகிறது. இதைப் பார்த்தவர்கள் "லைட் இல்லாததால்தான் இப்படி" என்று முடிவு கட்டி, ரிங் லைட் ஒன்றை இரவல் வாங்கி நேர்முன்னால் வைத்தார்கள். முதலில் முகம் கறுப்பாக இருந்தது, பிறகு மாப்பூசியது போல் ஆனது. சுருக்கங்கள் இல்லை, மூக்குக்குப் பக்கத்தில் நிழல் இல்லை, மூக்குக்கண்ணாடியில் மட்டும் இரண்டு வெள்ளை வளையங்கள். அதற்கு மேல் போனில் அழகுபடுத்தும் வசதியையும் போட்டுவிட்டால், எழுபது வருடம் வெயிலிலும் சாயத்திலும் நின்ற ஒரு மனிதரின் முகம் விளம்பரப் பலகைப் பிள்ளையின் முகமாகிவிடும். கறுத்த முகத்தை வெளுப்பாக்கிக் காட்டினால்தான் மரியாதை என்று நமக்கு யார் சொன்னது?

வெளிச்சம் நேர்முன்னால் இருந்து வந்தால் முகம் தட்டையாகும். அதனால்தான் படப்பிடிப்புக்காரர்கள் நேர்காணலுக்கு மூன்று ஒளிகள் வைக்கிறார்கள். ஒன்று பக்கவாட்டில் இருந்து முகத்துக்கு வடிவம் தரும் முதன்மை ஒளி. இன்னொன்று மறுபக்க நிழலைக் கொஞ்சம் தளர்த்தும் நிரப்பொளி. மூன்றாவது பின்னால் இருந்து தலையையும் தோளையும் சுவரிலிருந்து பிரித்துக்காட்டும் பின்னொளி. மூன்று லைட் வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை, மூன்று வேலை நடக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். முதல் வேலைக்கு யன்னல் போதும், இரண்டாவதற்கு வெள்ளைப் பெட்சீட், மூன்றாவதற்குப் பிள்ளைகள் படிக்கும் மேசை விளக்கு. நெசவாளர் ஊரில் வெள்ளைத் துணிக்குமா பஞ்சம்?

ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். சென்ற மாதம் என்னிடம் ஊடகக் கற்கை படிக்கும் பிள்ளைகள் ஒரு மூத்தவாப்பாவை எடுத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கடற்கரைப் பக்கம், அதாவது கிழக்கே, இரும்புக் கம்பி போட்ட ஒரு யன்னல். சுவர் முழுக்கப் பச்சைப் பெயின்ட். மூத்தவாப்பா வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தாடி, மூக்குக்கண்ணாடி. நேரம் லுஹருக்குப் பிறகு, அஸருக்கு முன்.

நேரத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. காலையில் கிழக்கு யன்னலால் வெயில் நேரே உள்ளே விழும். அந்த வெயில் முகத்தில் பட்டால் பாதி வெந்து பாதி இருண்டு, கம்பியின் நிழல் கன்னத்தில் கோடு கோடாக விழும். நமக்கு வேண்டியது வெயில் இல்லை, வானத்தின் வெளிச்சம். உச்சி கடந்த பிறகு சூரியன் மேற்கே போய்விடும், கிழக்கு யன்னலில் வானம் மட்டும் மிஞ்சும். அந்த வெளிச்சம் யன்னலின் முழு அகலத்திலிருந்தும் வருவதால் நிழல்களுக்குக் கூர்மை இருக்காது, கம்பியும் தெரியாது. மேற்கு யன்னல் உள்ள வீட்டில் இதைத் தலைகீழாக்கிக் காலையில் எடுங்கள். நிறத் துணியில் திரைச்சீலை இருந்தால் முழுதாகக் கழற்றுங்கள். சிவப்புத் திரை ஓரத்தில் தொங்கினாலே முகம் சிவக்கும். உம்மாமாரை எடுக்கும்போது தெருப்பக்க யன்னலைத் திறக்க அவர்கள் விரும்ப மாட்டார்கள், அது நியாயம். பின்வளவுப் பக்க யன்னல் உள்ள அறையைத் தேடுங்கள்.

அறையின் லைட்டெல்லாம் அணைத்துவிட்டுப் பிள்ளைகள் கதிரையை யன்னலிலிருந்து மூன்றடி தள்ளிப் போட்டார்கள். யன்னல் மூத்தவாப்பாவுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னால். கேள்வி கேட்கும் பிள்ளை யன்னல் பக்கம் உட்கார்ந்தது. கமெரா அந்தப் பிள்ளைக்கு மறுபக்கம், அதாவது முகத்தின் நிழல் பக்கம், ஐந்தாறு அடி தள்ளிக் கண்மட்டத்தில். இந்த இடத்தில்தான் பலரும் மாற்றிச் செய்கிறார்கள். கேட்பவரும் கமெராவும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் பேசுபவர் வெளிச்சத்தைப் பார்த்துப் பேசுவார். கமெராவுக்கு நிழல் பக்கக் கன்னம் அருகிலும் வெளிச்சப் பக்கம் தூரத்திலும் தெரியும், முகம் உருண்டு நிற்கும். சரியாக அமைந்ததா என்று அறியக் கண்ணைப் பாருங்கள். கருவிழியின் ஒரு மேல் ஓரத்தில் யன்னலின் சிறிய சதுரம் மின்ன வேண்டும். அது இல்லாவிட்டால் யன்னல் மிகப் பின்னால் போய்விட்டது, கதிரையைத் திருப்புங்கள். மூக்குக்கண்ணாடியில் அந்தச் சதுரம் கண்ணையே மறைத்தால் கண்ணாடியின் காலைக் காதில் சற்று உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். ஆடி கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பும் இறங்கிவிடும்.

இப்போது நிழல் பக்கம் இருட்டாகவும் கொஞ்சம் பச்சையாகவும் இருந்தது. பச்சை எங்கிருந்து? சுவரிலிருந்துதான். யன்னல் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது சுவரின் நிறத்தையும் கொண்டு வருகிறது. பெட்சீட்டின் வேலை இங்கேதான். இரண்டாக மடித்து (ஒற்றைத் துணி வெளிச்சத்தைப் பின்னால் கசியவிடும்) இரண்டு கதிரை முதுகில் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டு, நிழல் பக்கத் தோளிலிருந்து இரண்டடியில், படத்துக்குள் வராமல் நிறுத்தினார்கள். பச்சை போய்விட்டது, காது தெரிந்தது. ஆனால் இரண்டடியில் முகம் மறுபடியும் தட்டையாகத் தொடங்கியது. மெதுவாகப் பின்னுக்கு இழுத்தோம். நாலடியில் கண்ணோரச் சுருக்கமும் கன்னத்துப் பள்ளமும் திரும்பி வந்தன, காதும் தொலையவில்லை. அங்கேயே விட்டோம். உங்கள் அறையில் அது மூன்றடியாக இருக்கலாம். அளவு முக்கியமில்லை, நிழல் இருக்க வேண்டும், அதற்குள் தோல் தெரிய வேண்டும். பூப்போட்ட பெட்சீட் வேண்டாம். மங்கி மஞ்சளான பழைய துணியும் வேண்டாம்.

மிச்சம் விளக்கு. மேசை விளக்கைப் பின்னால் இருந்த அலுமாரியின் மேல், யன்னலுக்கு எதிர்ப்பக்க மூலையில் வைத்து, கூம்பை அவர் தோளை நோக்கித் திருப்பினார்கள். முதலில் அதில் இருந்தது மஞ்சள் பல்ப். தாடியின் ஓரம் மஞ்சள் தடவினது போல் ஆனது. யன்னல் வெளிச்சம் நீலம் கலந்தது, மஞ்சள் பல்ப் அதனோடு சேராது. பெட்டியில் 6500K என்று எழுதிய, கடையில் "டேலைட்" என்று கேட்டால் தரும் ஒன்பது வாட் பல்பை வீட்டுக் குசினியிலிருந்து கழற்றி மாட்டினோம், நிறம் சேர்ந்தது. அடுத்த சிக்கல் வெள்ளைத் தொப்பி. பின்னொளி பட்டதும் தையல் தெரியாமல் வெள்ளைத் திட்டாக எரிந்தது. சிறிய விளக்குக்கு ஒரு குணம் உண்டு, தூரத்தை இரட்டிப்பாக்கினால் வெளிச்சம் காற்பங்காகும். விளக்கை அலுமாரியின் பின் விளிம்புக்குத் தள்ளி, கூம்பையும் தோளுக்கு இறக்கியதும் தொப்பியின் தையல் திரும்பியது. கறுப்பு அபாயா அணிந்த ஒருவர் இருட்டுச் சுவரின் முன்னால் இருந்தால் நேர்மாறாக விளக்கைக் கிட்டக் கொண்டு வர வேண்டும். அங்கே அந்த மெல்லிய ஓரம்தான் ஆளைச் சுவரிலிருந்து பிரிக்கும். கமெரா இருக்கும் இடத்தில் உங்கள் கண்ணை வைத்துப் பாருங்கள். பல்ப் கண்ணுக்குத் தெரிந்தால் கமெராவுக்கும் தெரியும், படம் வெளிறிப் போகும். ஒரு மட்டை அட்டையால் மறையுங்கள்.

சில மலிவான பல்புகளில் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பல்ப் செக்கனுக்கு நூறு தடவை துடிக்கிறது. போனில் Pro முறை இருந்தால் 25 பிரேம், ஷட்டர் 1/50 என்று வையுங்கள். இல்லாவிட்டால் பல்பை மாற்றிப் பாருங்கள். எல்லாம் அமைந்தபின் திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஐபோனில் AE/AF LOCK என்று வரும், மற்றப் போன்களில் ஒரு பூட்டு அடையாளம் வரும். அதைச் செய்யாவிட்டால் அவர் கையை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் படம் கூடிக் குறையும். நெசவுக்காரர் கையை அசைக்காமல் பேச மாட்டார்.

"சேர், லைட் வாங்கினால் இரவிலும் எடுக்கலாமே" என்று ஒரு தம்பி பின்னூட்டம் போட்டிருந்தார். உண்மைதான். இரவில் யன்னல் உதவாது. மார்கழி மழையில் வானம் கறுத்தால் படத்தில் புள்ளி விழும், கதிரையை யன்னலுக்கு இன்னும் ஓரடி கிட்டப் போட்டும் சமாளிக்க முடியாத நாள் வரும். மேகம் வந்து வந்து போகும் நாளில் பூட்டிய படம் திடீரென இருண்டுவிடும், அப்போது பேச்சை நிறுத்தி மறுபடி பூட்ட வேண்டும். அஸர் தாண்டினால் வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும், இரண்டு துண்டுகள் ஒட்டாது. ஆனால் எண்பது வயது மூத்தவாப்பா இரவு பத்து மணிக்கா பேசப்போகிறார்? கண் சத்திரசிகிச்சை செய்தவர்கள் ரிங் லைட்டைப் பத்து நிமிடம் பார்த்தால் கண்ணீர் வடிக்கிறார்கள், அதையும் யோசியுங்கள். கறண்ட் போனாலும் பின்னொளி மட்டும்தான் போகும், யன்னல் அணையாது.

அந்த மூத்தவாப்பா நாற்பத்தெட்டு நிமிடம் பேசினார். ஊடு நூல் அறுந்தால் எப்படி முடிச்சுப் போடுவது என்று இரண்டு விரலால் செய்து காட்டினார். யன்னல் பக்கம் இருந்ததால் விரலின் வெடிப்பு வரை தெரிகிறது. சேர்த்த காசைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. ஒரு நல்ல மைக் வாங்குங்கள், ஃபேனை அணைத்த பிறகும் கடல் இரைச்சல் படத்தில் இருக்கிறது. பட்டியலில் இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கிழக்கு யன்னல் உள்ள இரண்டு வீடுகள் ஆயத்தம். வருகிறவர்கள் பெட்சீட்டோடு வாருங்கள்.