பட்டாளம் சரியா, பிழையா?



வாட்ஸ்அப் குழுக்களில் பிள்ளைகளுக்குப் போடும் சொற்புதிர் பற்றி ஒரு கருத்து. “ப, ட, ம் ஆகிய எழுத்துகள் இதே வரிசையில் வரும் சொற்களைத் தேடுங்கள், இடையில் வேறு எழுத்துகள் வரலாம்” என்று கேட்கிறார்கள். நல்ல விளையாட்டு. விடை திருத்தும்போதுதான் பிரச்சினை.

‘பட்டணம்’ சரி. ‘ப’வில் விரலை வையுங்கள். ‘ட்’ வேறு எழுத்து, தாண்டுங்கள். அடுத்து ‘ட’. ‘ண’வைத் தாண்டினால் ‘ம்’. ஒவ்வோர் எழுத்தையும் முதலில் கண்ட இடத்திலேயே எடுத்தால் போதும். அப்போதுதான் மிச்ச எழுத்துகளைத் தேட வலப்பக்கம் கூடுதல் இடம் இருக்கும்.

‘பட்டாளம்’? ப, ட், டா, ள, ம். இதில் ‘ட’ இல்லை, ஆகவே பிழை. ‘பாடம்’ என்பதும் பிழை, அதில் இருப்பது ‘பா’. ஆனால் கணினியில் தேடினால் இரண்டும் சரியென்று வரும். கணினி ‘டா’வை ‘ட’ என்றும் அரவு என்றும் இரண்டாகப் பிரித்தே வைத்திருக்கிறது.

அந்தப் பட்டியலை வைத்துத் திருத்தினால், ‘பட்டாளம்’ வராது என்று சரியாக விட்ட பிள்ளைக்குப் புள்ளி குறைகிறது. ‘டா’ ஓர் எழுத்து என்று நாம்தானே வகுப்பில் படிப்பித்தோம்?

என் கருத்து: உயிர்மெய்யை முழு எழுத்தாகவே கணக்கெடுங்கள். பிரித்துப் பார்ப்பதென்றால் அதைப் புதிரின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.