அதிக நேரம் எடுத்தவர்களை நீக்காதீர்கள்



பதிவு நீளம். கொஞ்சம் கோபத்தோடும் எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் குழு இந்த ஆண்டு பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி கொடுக்கப் போகிறது. வழக்கமான காகிதப் படிவத்துக்குப் பதிலாக, பெற்றோரின் செல்போனுக்கு லிங்க் அனுப்பி 14 கேள்விகள் கேட்டார்கள். 64 குடும்பங்கள் நிரப்பின. படிவத்தை அமைத்தது என்னிடம் நான்காம் வகுப்பு படித்த பையன். கூகுள் ஃபார்மில் செய்திருந்தால் அனுப்பிய நேரம் மட்டும்தான் பதிவாகும். இவன் LimeSurvey என்ற மென்பொருளில் செய்து, அதில் Save timings என்பதையும் இயக்கி வைத்திருந்தான். பக்கத்துக்கு ஒரு கேள்வி என்றும் வைத்ததால், ஒவ்வொரு கேள்வியிலும் ஒவ்வொருவரும் எத்தனை வினாடி நின்றார்கள் என்று அட்டவணையாக வந்துவிட்டது.

கூட்டத்தில் அந்த அட்டவணையைப் பார்த்த ஒருவர் சொன்னார்: "ஒன்பது பேர் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல எடுத்திருக்காங்க. ஒண்ணு, கவனமில்லாம நிரப்பியிருக்காங்க. இல்லன்னா யார்கிட்டயாவது கேட்டு நிரப்பியிருக்காங்க. அவங்கள லிஸ்ட்ல இருந்து எடுத்துடலாம்." சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த ஒன்பது பேரில் இரண்டு பாட்டிமார், பேரப்பிள்ளைக்காக விண்ணப்பித்தவர்கள்.

தம்பிகளா, நீங்கள் அட்டவணையைக் கிடைமட்டமாகப் படித்தீர்கள். ஒவ்வொரு நிரையிலும் ஒரு குடும்பம் இருக்கிறது, அதனால் தவறு குடும்பத்துடையது போலத் தெரிகிறது. அதையே மேலிருந்து கீழாகப் படியுங்கள். ஒவ்வொரு நிரலிலும் ஒரு கேள்வி இருக்கிறது. 64 பேரும் ஒரே இடத்தில் தயங்கி நின்றால் அந்த 64 பேருக்கும் ஒரே நாளில் புத்தி மழுங்கிவிட்டதா, அல்லது கேள்வியை எழுதிய நமக்கு எழுதத் தெரியவில்லையா?

நானும் அந்தப் பையனும் உட்கார்ந்து அப்படித்தான் படித்தோம். முதலில் சராசரியை விட்டுவிட்டோம். காரணம் எளிது. ஒரு கேள்விக்கு ஐந்து பேர் 8, 9, 11, 12, 2400 வினாடி எடுத்தார்கள் என்று வையுங்கள். கடைசி அம்மா பாதியில் போனை வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவர். சராசரி 488 வினாடி வரும். ஐந்தில் ஒருவர்கூட அதன் பக்கத்தில் இல்லை. இடைநிலை அளவு, அதாவது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் நடுவில் நிற்பது, 11. உண்மை அதுதான். ஒன்பது பேரை நீக்கச் சொன்னவர் மொத்த நேரத்தைப் பார்த்தார். அந்த மொத்தத்துக்குள் அடுப்பும் உண்டு, வந்த போன் அழைப்பும் உண்டு.

இடைநிலை அளவில் பார்த்தபோது "பிள்ளை எந்த வகுப்பில் படிக்கிறார்?" என்பதற்கு 6 வினாடி. "வீட்டிலிருந்து பள்ளி எத்தனை கிலோமீட்டர்?" என்பதற்கு 9 வினாடி. "உங்கள் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர்?" என்பதற்கு 34 வினாடி! ஐந்தே சொல் உள்ள கேள்வி. தட்டச்சு செய்ய வேண்டியது ஓர் எண். கிலோமீட்டர் கேள்விக்கும் ஓர் எண்தான். படிக்கவும் தட்டவும் ஆகும் நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்று. மிச்சம் 25 வினாடி எங்கே போனது?

வயதானவர்கள் மெதுவாகப் படிப்பார்கள் அல்லவா என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் ஒவ்வொருவரையும் அவரவர் வேகத்தோடு ஒப்பிட வேண்டும். ஒரு பாட்டி சுலபமான கேள்விகளுக்கே 20 வினாடி எடுத்தார், குடும்பக் கேள்விக்கு 25. அவருக்கு அந்தக் கேள்வியில் பெரிய தடுமாற்றம் இல்லை. ஓர் இளம் தாய் மற்றவற்றுக்கு 5 வினாடி, இதற்கு மட்டும் 40. எட்டு மடங்கு. தடுமாறியவர் இவர். ஆனால் நீக்கும் பட்டியலில் இருந்தது பாட்டி! மெதுவாகப் படிப்பது வேறு, குழம்புவது வேறு. மொத்த நேரம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

நேரம் எங்கே வலிக்கிறது என்று காட்டும், ஏன் வலிக்கிறது என்று சொல்லாது. ஆகவே ஐந்து அம்மாக்களைக் கூப்பிட்டு, அந்தக் கேள்வியைப் படித்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன். ஒருவர் ரேஷன் கார்டை எடுத்து வந்து அதில் உள்ள பெயர்களை எண்ணினார். ஒருவர் திருப்பூரில் வேலை செய்யும் கணவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று யோசித்தார். இன்னொருவர், "மாமியாரும் கொழுந்தனும் ஒரே வீடுதான் டீச்சர், ஆனா கார்டு தனி. எதைப் போடறது?" என்று என்னையே கேட்டார்.

இது பொழுதுபோக்குச் சந்தேகம் அல்ல. நாம் மாத வருமானத்தைக் குடும்ப எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு 2,500 ரூபாய்க்குக் கீழ் இருந்தால் உதவி என்று வைத்திருக்கிறோம். கடைசியாகச் சொன்ன அந்த வீட்டில் ஏழு பேர் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். வீட்டுக்கு மொத்தம் வரும் 14,000 ரூபாயை வருமானமாகப் போட்டார், ஆட்களை மட்டும் கார்டுப்படி நான்கு என்று போட்டார். தலைக்கு 3,500. உதவி இல்லை. ஏழு என்று போட்டிருந்தால் 2,000. உதவி உண்டு. அந்தப் பெண் பிள்ளையின் படிப்புப் பணத்தை நம்முடைய ஐந்து சொற்கள் தின்றுவிட்டன.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அங்கே ஒரு குடித்தனம் என்றால், வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான சமையலறையில் சாப்பிடுகிறவர்கள். உறவைக் கேட்பதில்லை, உலையைக் கேட்கிறார்கள். நாங்களும் அதைப் பின்பற்றி மாற்றி எழுதினோம்: "உங்கள் வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் மொத்தம் எத்தனை பேர்? வெளியூரில் தங்கி வேலை செய்பவர்களைச் சேர்க்க வேண்டாம். அவர்கள் அனுப்பும் பணத்தை மட்டும் வருமானத்தில் சேருங்கள்."

நன்றாக இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொண்டால் போதுமா? பழைய கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொன்னவர்களிடம் புதியதைக் கொடுத்தால், பழகிய காரணத்தாலேயே வேகமாகச் சொல்வார்கள். அதனால் அடுத்த ஊரிலிருந்து புதிதாக விண்ணப்பித்த 40 குடும்பங்களைச் சீட்டுக் குலுக்கிப் பாதியாகப் பிரித்தோம். 20 பேருக்குப் பழைய கேள்வி, 20 பேருக்குப் புதியது. பழையதற்கு 33 வினாடி, புதியதற்கு 19. கவனியுங்கள், புதிய கேள்வி பழையதைப் போல மூன்று மடங்குக்கு மேல் நீளம். ஆனாலும் சீக்கிரம் முடிந்தது. சுருக்கமாக எழுதினால் தெளிவு என்று நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. கணினியைப் பார்த்துத் தொலைபேசியில் கேள்வி கேட்கும் ஆய்வுகளில், கேள்வி முடிந்து பதில் தொடங்கும்வரை ஆகும் நேரம் கேள்வியின் குறையைக் காட்டும் என்று கனடாவைச் சேர்ந்த பாசிலி, ஸ்காட் என்ற இரு ஆய்வாளர்கள் 1996-லேயே எழுதிவிட்டார்கள். முப்பது ஆண்டுக்கு முந்தைய பாடத்தை நாம் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மக்கள்மேல் பாய்கிறோம்.

அதற்காக நேரத்தையே தெய்வமாக்கவும் கூடாது. "கடந்த ஆண்டு பள்ளிக்காக எவ்வளவு செலவு செய்தீர்கள்?" என்பதற்கு 52 வினாடி ஆனது. அது குழப்பம் இல்லை. பஸ், நோட்டு, சீருடை என்று மனக்கணக்குப் போட்டார்கள். பேசச் சொல்லிக் கேட்டபோது யாருக்கும் பொருளில் சந்தேகம் வரவில்லை. அந்தக் கேள்வியைத் தொடவில்லை. மாறாக, "வீட்டில் பிள்ளை படிக்க இடம் இருக்கிறதா?" என்பதற்கு 5 வினாடிதான். எல்லோரும் டக்கென்று பதில் சொன்னார்கள். விசாரித்தால் சிலருக்கு இடம் என்றால் தனி அறை, சிலருக்கு விளக்கடியில் ஒரு மூலை. ஆளுக்கொரு பொருளை உறுதியாக நினைத்துக்கொண்டால் தயக்கமே வராது. கடிகாரம் மௌனமாக இருக்கும். இந்த வகையைப் பேச்சு மட்டும்தான் பிடிக்கும். இன்னொன்று, நேரம் செல்போனிலேயே அளக்கப்படாமல் சர்வரில் அளக்கப்பட்டால், சிக்னல் இல்லாத ஊர்க்காரர்கள் எல்லோரும் மெதுவானவர்களாகத் தெரிவார்கள்.

என் பங்கு தவறையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் மனக்கணக்கு வகுப்பில், "ஒரு லாரிக்கு 6 சக்கரம். 5 லாரிக்கு எத்தனை?" என்று கேட்டேன். எல்லோரும் எழுதிவிட்டார்கள், ஒருவன் மட்டும் சிலேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். திட்டினேன். அப்புறம்தான் மெதுவாகக் கேட்டான், "டீச்சர், ஸ்டெப்னியைச் சேர்க்கணுமா?" அவன் அப்பா லாரி கிளீனர். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். வகுப்பிலேயே லாரியை நேரில் அறிந்தவன் அவன் ஒருவன்தான். இதைப் படித்தால் அவன் என்னை மன்னிக்கட்டும்.

குழுவிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த ஒன்பது குடும்பங்களையும் இன்றே பட்டியலில் திரும்பச் சேருங்கள். 64 வீட்டுக்கும் போன் செய்து குடும்பக் கேள்வியைப் புதிய வடிவில் கேட்டு, கணக்கை மறுபடி போடுங்கள். ஆளுக்கு எட்டுப் பேரைப் பிரித்துக் கொடுத்தால் ஒரு சாயங்கால வேலை. அடுத்த முறை லிங்க் அனுப்புமுன் பத்துப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள், எந்தப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று பார்த்துக் கேள்வியைத் திருத்துங்கள். நேரத்தைப் பதிவு செய்வதைப் படிவத்தின் முதல் பக்கத்திலேயே பெற்றோருக்குச் சொல்லுங்கள். அது கேள்வியைச் சோதிக்க மட்டுமே என்றும் எழுதுங்கள், எழுதியபடி நடந்துகொள்ளுங்கள்.

போன் செய்ய முன்வருகிறவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். முதல் எட்டு வீடு என்னுடையது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்