தினை என்றால் எத்தனை தோசை?

சிறுதானியம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று ஒரு வாசகம் நம் ஊரில் இப்போது பழமொழி மாதிரி ஆகிவிட்டது. குயிலாப்பாளையம் கடைத்தெருவில் இரண்டு பெரியவர்கள் சந்தித்துக்கொண்டால், "சுகமா?" என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி "அரிசியை விட்டாச்சா?" என்பதுதான். விட்டவர் தலை நிமிர்ந்து நடக்கிறார். விடாதவர் குற்றவாளி போல் கூனிக்கொள்கிறார். இந்த வாசகம் பாதிதான் உண்மை. பாதி உண்மையை முழு உண்மையாக நம்பி, மாத்திரையைக் கூடத் தாமாகவே குறைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எதிர்க்கட்சிக்குச் சேர வேண்டிய நியாயத்தைக் கொடுத்துவிடுகிறேன். அரிசி சர்க்கரையை வேகமாக ஏற்றும் பண்டம்தான். சென்னையில் டாக்டர் வி. மோகன் அவர்களின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நம் அரிசி ரகங்களைச் சோதித்து 2012இல் வெளியிட்டது. பொன்னி அரிசிச் சோற்றின் கிளைசெமிக் குறியீடு சுமார் 70, சோனா மசூரி 72. எழுபதைத் தொட்டாலே அது 'உயர்வு' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். ஐம்பத்தைந்தும் அதற்குக் கீழும் 'குறைவு'. தோசையையும் சென்னையில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2016இல் வெளியான அந்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு நாள் அரிசி தோசையும் இன்னொரு நாள் தினை தோசையும் கொடுத்தார்கள். அரிசி தோசை சுமார் 78, தினை தோசை சுமார் 59. ஆகவே தினை மெதுவாகத்தான் ஏற்றுகிறது. இதில் எனக்கு வழக்கே இல்லை.

என் வழக்கு அடுத்த படியில் இருக்கிறது. அந்த எண் எப்படிப் பிறந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1981இல் கனடா நாட்டு டொரோண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் இந்த அளவீட்டைக் கொண்டுவந்தார்கள். முறை எளிமையானது. வெறும் வயிற்றில் வந்தவருக்கு, 50 கிராம் மாவுச்சத்து இருக்கும்படி உணவை நிறுத்துக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் விரலில் குத்திக் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்ப்பார்கள். வேறொரு நாள் அதே ஆளுக்கு 50 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, அந்த ஏற்றத்தை நூறு என்று வைத்துக்கொண்டு, உணவின் ஏற்றம் அதில் எத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். அதாவது, அளவைக் கட்டிப்போட்டுவிட்டுத்தான் இந்த எண்ணையே எடுக்கிறார்கள். 50 கிராம் மாவுச்சத்து என்ற வேலிக்குள் மட்டும் அது பேசும். நம் தட்டில் அந்த வேலி கிடையாது. மாமியார் ஊற்றினால் ஐந்து தோசை, மருமகள் ஊற்றினால் மூன்று.

இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 1997இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 'கிளைசெமிக் சுமை' என்று இன்னொரு கணக்கைச் சொன்னார்கள். குறியீட்டை, சாப்பிட்ட மாவுச்சத்தின் கிராமால் பெருக்கி நூறால் வகுத்தால் போதும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நாற்பது வருடம் கோப்பு தள்ளிய எழுத்தருக்கே வருகிறது.

போட்டுப் பார்ப்போம். எங்கள் வீட்டுக் கணக்கில் 200 கிராம் அரிசி, 50 கிராம் உளுந்து அரைத்தால் தண்ணீரோடு சுமார் 600 கிராம் மாவு வரும். அதில் எட்டு தோசை ஊற்றலாம். நூறு கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், உளுந்தில் சுமார் 50 கிராம். கூட்டி எட்டால் வகுத்தால் ஒரு அரிசி தோசைக்குச் சுமார் 23 கிராம் மாவுச்சத்து. அரிசிக்குப் பதில் தினை போட்டால், நூறு கிராம் தினையில் சுமார் 61 என்று வைத்துக்கொண்டு, ஒரு தோசைக்குச் சுமார் 18 கிராம். தினை ஒன்றும் கீரை இல்லை என்பதை இங்கே கவனியுங்கள். அதுவும் மாவுச்சத்துதான். அரிசியைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே.

இரண்டு அரிசி தோசை சாப்பிட்டால் மாவுச்சத்து 46 கிராம், சுமை 36. மூன்று தினை தோசை சாப்பிட்டால் மாவுச்சத்து 54, சுமை 32. இதுவரை தினைக்கு வெற்றி. நான்காவது தோசையை எடுத்து வைத்தவுடன் மாவுச்சத்து 72, சுமை 42. தினை தோற்றுவிட்டது. அரிசியில் இரண்டோடு எழுந்திருந்தவர், தினையில் நான்கு சாப்பிட்டுவிட்டு முன்னைவிட அதிகச் சர்க்கரையை ஏற்றிக்கொள்கிறார். "சிறுதானியம்தானே" என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவதால் வரும் நஷ்டம் இது. சாயங்காலம் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சியும் சேர்ந்தால், அதிலே போட்ட மூன்று கரண்டி மாவுக்கு இன்னொரு 20 கிராம் மாவுச்சத்து. அது கணக்கிலேயே வருவதில்லை. கஞ்சி மருந்தாம்!

எனக்கு மேலும் கோபம் வருவது மருத்துவமனைகளில் அச்சடித்துக் கொடுக்கும் உணவுப் பட்டியலைப் பார்க்கும்போது. எந்த ஊர் மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, எல்லாம் ஒரே அச்சுதான். "காலை: இட்லி 3 அல்லது தோசை 2 அல்லது உப்புமா 1 கப்." எந்த இட்லி? எந்தக் கப்? நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அலகு இல்லாமல் ஒரு எண்ணை எழுதி மேசைக்கு அனுப்பினால் கோப்பு திரும்பி வந்து முகத்தில் விழும். மூன்று என்றால் மூன்று என்ன? எங்கள் வீட்டு இட்லித் தட்டில் ஒரு குழிக்கு 40 கிராம்தான் வருகிறது. அதில் மாவுச்சத்து சுமார் 12 கிராம், மூன்றுக்கு 36. சில ஓட்டல் இட்லிகள் 70 கிராம் இருக்கின்றன. மூன்றுக்கு 63. நோயாளி இரண்டு இடத்திலும் பட்டியலுக்குக் கீழ்ப்படிந்தவர்தான். ரத்தத்துக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. சோறும் அப்படியே. வெந்த சோறு நூறு கிராமுக்குச் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 'ஒரு கப் சோறு' என்பது அழுத்தி வைத்தால் ஒன்று, தளர வைத்தால் வேறொன்று.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 'ரேஷன்' என்ற சொல்லை நாம் கடையின் பெயராக்கிவிட்டோம். பிரெஞ்சில் 'ரஸியோன்' என்றால் ஒருவருக்கு உரிய அளவான பங்கு. படைவீரனுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு ரொட்டி என்று அளந்து கொடுத்ததைத்தான் அப்படிச் சொன்னார்கள். 2011 முதல் நம் தமிழ்நாட்டு ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, நல்லதுதான். அரிசி வீட்டுக்கு வந்தது, அளவு என்ற பொருள் மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது.

இன்னொரு விஷயம் தானியத்தின் உருவம். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்த எங்கள் முன்னோர் குத்திய வரகையும் கம்பையும் தின்றார்கள், தவிடு ஒட்டியிருந்தது. விடியுமுன் கூழ் குடித்துவிட்டு வெயில் ஏறும்வரை உப்பு வாரினார்கள். தின்ற மாவுச்சத்தைத் தசை கேட்டு வாங்கிக்கொண்டது. இப்போது பளபளவென்று தீட்டிய சாமை பாக்கெட்டில் வருகிறது. அதை மாவாக அரைத்துத் தோசையாக்கி, நாற்காலியில் சாய்ந்தபடி சாப்பிடுகிறோம். தவிடு போனதும் நார் போய்விடும். நைசாக அரைத்ததும் செரிமானத்துக்கு வேலை மிச்சம், சர்க்கரை விரைவாக இறங்கும். எனவே முழுத் தானியத்துக்குக் கிடைத்த பெயரை மாவுக் கஞ்சிக்குப் போட்டு விற்பது நியாயமில்லை. அடையாளம் சொல்கிறேன். தீட்டாத சாமை சற்றுப் பழுப்பாக, மங்கலாக இருக்கும். வேக நேரம் பிடிக்கும். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் மாதக்கணக்கில் வைத்தால் சிக்கு வாடை வரும். முத்து மாதிரி வெளுத்து, வருடக்கணக்கில் கெடாமல் இருந்தால் அது தீட்டியது.

"அப்படியானால் அரிசியே சாப்பிடச் சொல்கிறீரா?" என்று கேட்பவர்களுக்கு: இல்லை. தினையை விரும்பினால் தினை சாப்பிடுங்கள், ஆனால் அரிசி சாப்பிட்ட அதே எண்ணிக்கையில் நிறுத்துங்கள். அப்போதுதான் அதன் லாபம் உங்களுக்குக் கிடைக்கும். இரண்டு தினை தோசை என்றால் சுமை 21, அரிசியின் 36க்கு எதிரே அது பெரிய லாபம். மீதிப் பசிக்குச் சாம்பாரில் பருப்பையும் காயையும் கூட்டுங்கள். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, ஒரே ஒரு வாரம் உங்கள் வீட்டு இட்லியையும், உங்கள் வீட்டுக் கிண்ணத்துச் சோற்றையும் நிறுத்து எழுதுங்கள். பிறகு தராசு வேண்டாம், கண் பழகிவிடும்.

வாட்ஸ்அப்பில் வருவதை நம்புவதைவிடக் குளுக்கோமீட்டரை நம்புவது மேல். முதல் வாய் வைப்பதற்கு முன் ஒரு முறை, அதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. இரண்டு அரிசி தோசைக்கு ஒரு நாள், இரண்டு தினை தோசைக்கு ஒரு நாள், நான்கு தினை தோசைக்கு ஒரு நாள். அதே மாத்திரை, அதே சட்னி. உணவுக்குப் பின் 180க்குள் இருப்பது நல்லது என்பார்கள். நம் வயதுக்கு மருத்துவர் சற்றுத் தளர்த்துவதும் உண்டு, அதை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு ஏறுவது போல இன்னொருவருக்கு ஏறாது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் நோட்டு உங்களுக்கு உதவாது.

ஒரு எச்சரிக்கை. இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும் ஒரே நாளில் சோற்றைப் பாதியாக வெட்டிவிடக் கூடாது. மருந்து பழைய அளவில் இறக்க, உணவு புதிய அளவில் குறைய, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயங்கி விழ நேரும். உணவைக் குறைப்பதானால் மருந்தையும் சேர்த்து மருத்துவர் பார்க்க வேண்டும். அதேபோல், தினைக்கு மாறிவிட்டேன் என்று மருந்தை நீங்களே நிறுத்துவதும் கூடாது.

அடுத்த முறை யாராவது "அரிசியை விட்டாச்சா?" என்று கேட்டால், "எத்தனை தோசையில் நிறுத்துகிறீர்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால், அவர் விட்டது அரிசியை மட்டும்தான்.