ஜன்னல் அலங்காரம் யாருக்காக?



டிசம்பர் வந்தால் பல வீடுகளில் ஜன்னலுக்கு நட்சத்திரம், மணி, கண்ணாடி ஓவியம் எல்லாம் ஏறிவிடும். அறைக்குள் நின்று பார்த்து, "அழகு!" என்று சொல்லிவிட்டு வேலையை முடித்துவிடுகிறோம். ஜன்னல் அலங்காரத்தை மதிப்பிட வேண்டிய இடம் தெருதான் என்பது என் கட்சி.

போன வருடம் நானும் பேத்தியும் கிளாஸ் பெயிண்டில் ஒரு பெரிய நட்சத்திரம் வரைந்தோம். எதிர்வீட்டு அக்கா காலை ஊன்ற முடியாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பவர். அவருக்காகத்தான் வரைந்தது. மறுநாள் கேட்டால், "ஒண்ணும் தெரியலையே வாத்தியாரே" என்றார். பேத்தி முகம் வாடிவிட்டது.

தெருவில் இறங்கிப் பார்த்தேன். பகலில் அறைக்குள் இருட்டு. கிளாஸ் பெயிண்ட் ஒளியை ஊடுருவ விடும் வண்ணம். பின்னால் வெளிச்சம் இல்லாததால் அது கருப்பாகத்தான் தெரிந்தது. எட்டாம் வகுப்பில் நான் உங்களுக்கு நடத்திய பாடத்தை நானே மறந்திருந்தேன்!

தீர்வாக ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கண்ணாடிக்கு அரை அடி பின்னால் திரைபோலக் கட்டினேன். பகலில் வெயில் வண்ணத்தின் வழியே போய் வேட்டியில் பட்டுத் திரும்பியது. சிவப்பு சிவப்பாகவே தெரிந்தது. இரவில் வேட்டிக்கு ஓரடி பின்னால் ஒரு எல்இடி பல்பு. பல்பு கண்ணைக் கூசவில்லை, நட்சத்திரம் முழுவதும் ஒரே சீராக ஒளிர்ந்தது. மெழுகுவர்த்தி, அகல் எதையும் துணிப்பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மணிகளை அந்த அரை அடி இடைவெளியில், கண்ணாடியில் மோதாதபடி நான்கு விரல் தள்ளித் தொங்கவிட்டோம். இரவில் மணியின் நிறம் தெரியாது, நிழலுருவம் மட்டுமே தெரியும். ஆகவே மின்னும் குட்டி மணிகளைவிட, வடிவம் தெளிவான நாலைந்து பெரிய மணிகள் போதும்.

காகித வெட்டுக்கும் இதே கணக்குதான். நல்ல கண்ணுக்கும் முப்பது அடி தூரத்தில் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடைவெளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பேத்தி மணிக்கணக்கில் வெட்டிய பொடி வேலைப்பாடு தெருவிலிருந்து வெறும் வட்டமாகத் தெரிந்தது. ஒரு விரல் அகலத்துக்குத் துளைகள் வைத்து வெட்டியது பளிச்சென்று தெரிந்தது.

இன்னொன்று: நிற்கும் கண்ணாடியில் வண்ணம் வழியும். ஓஎச்பி ஷீட்டைத் தரையில் விரித்து, அவுட்லைன் கோடுகளை இடைவெளியின்றி மூடி, அது காய்ந்தபின் வண்ணம் நிரப்பி, ஒரு இரவு விட்டு ஒட்டுங்கள். எழுத்து இருந்தால் ஷீட்டைத் தெருப்பக்கம் திருப்பி ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் "வாழ்த்து" இடவலம் மாறித்தான் போய்ச் சேரும்.

அன்று இரவு எதிர்த்திண்ணையிலிருந்து அக்கா கையை உயர்த்திக் காட்டினார். பேத்தி ஜன்னலுக்குப் பின்னால் நின்று குதித்தது, வேட்டியில் நிழலாக அவருக்குத் தெரிந்திருக்கும்.

உங்கள் வீட்டு ஜன்னலையும் ஒருமுறை தெருவில் நின்று பாருங்கள். பகலில் ஒருதரம், விளக்கு வைத்தபின் ஒருதரம்.