நூறு வருஷ வெள்ளமும் இருபது வருஷ லோனும்

'நூறு வருஷ வெள்ளம்'ங்கற பேரையே மாத்தணும்னு நினைக்கிறேன். 2015 டிசம்பர்ல சென்னை மூழ்கினப்போ நூறு வருஷத்துல காணாத மழைன்னாங்க. அதைக் கேட்டுட்டு, 'அப்போ அடுத்தது 2115லதான்'னு நிம்மதியா ஆத்தோரமா ஃப்ளாட் பார்க்கறவங்களை என்ன சொல்ல!

இன்ஜினியருங்க அந்தப் பேர்ல சொல்றது வேற. எந்த வருஷத்தை எடுத்தாலும் அந்த அளவு வெள்ளம் வர 1% வாய்ப்பு, அவ்வளவுதான். போன வருஷம் வந்துச்சான்னு வெள்ளம் பார்க்காது.

சரி, 20 வருஷ வீட்டு லோன் முடியறதுக்குள்ள ஒரு தடவையாவது வர வாய்ப்பு எவ்வளவு? ஒரு தடவை, ரெண்டு தடவை, மூணு தடவைன்னு தனித்தனியா கணக்குப் போட்டா மண்டை காயும். கேள்வியைத் திருப்பிப் போடுங்க: ஒரு தடவைகூட வராம இருக்க வாய்ப்பு எவ்வளவு? ஒரு வருஷம் தப்பிக்க 0.99. இருபது வருஷமும் தப்பிக்கணும்னா இருபது 0.99-ஐப் பெருக்கணும், 0.818 வரும். அதை 1-லேர்ந்து கழிச்சா 0.182, அதாவது 18%.

பேசாம இருபது 1%-ஐக் கூட்டி 20%னு சொன்னா என்ன? பக்கத்துலதான் இருக்கு. ஆனா அதே வழியில 150 வருஷத்துக்கு 150% வரும்! ரெண்டு தடவை வெள்ளம் வர்ற காலத்தை ரெண்டு முறை எண்ணிடறோம், அதான் கோளாறு.

ஒண்ணு மட்டும் கவனிங்க. ஒரு வருஷம் இன்னொண்ணைப் பாதிக்காது, 1% மாறாதுன்னு வெச்சுத்தான் இந்தக் கணக்கு. ஏரியைத் தூர்த்துக் கட்டடம் கட்டி அது 2% ஆயிட்டா, இருபது வருஷத்துல 33%.

அதனால வீடு விக்கறவர் 'நூறு வருஷம்'னு ஆரம்பிச்சா, "லோன் முடியறவரைக்கும் எத்தனை சதவீதம்?"னு கேளுங்க.